ஜெர்மனியில் படிப்பை மாற்றுகிறீர்களா? வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு விளக்கம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் வதிவிட அனுமதியில் ஜெர்மனியில் இருப்பவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். அந்த அனுமதியைச் சட்டம் வதிவிடச் சட்டத்தின் 16b பிரிவில் வைத்திருக்கிறது. அங்கே ஆஸ்லெண்டர்பெஹோர்டே என்று சொல்லும் இடத்தை இங்கே சுருக்கமாக 'அலுவலகம்' என்று எழுதுகிறோம். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் புது அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்ததும் இதே சந்தேகங்கள்தான் வரிசையாக வருகின்றன.

யூனிவர்சிட்டியே சீட் கொடுத்துட்டாங்க. அப்புறம் அலுவலகத்துக்கு எதுக்குச் சொல்லணும்?

உங்களுக்கு அனுமதி கொடுத்தது பொதுவாக 'படிக்க' அல்ல, ஒரு குறிப்பிட்ட படிப்பைப் படிக்க. பிளாஸ்டிக் கார்டோடு ஒரு பச்சை நிற மடிப்புத் தாள் கொடுத்திருப்பார்கள், ஸுசாட்ஸ்பிளாட் என்று பெயர். பலர் அதை வாங்கிய அன்று பார்த்ததோடு சரி. அதை எடுத்துப் படியுங்கள். பல ஊர்களில் அதில் கல்லூரியின் பெயரும் பாடப்பிரிவின் பெயரும் அச்சிட்டிருக்கும், 'இதற்கு மட்டும்' என்ற சொல்லும் கூடவே இருக்கும். அப்படி இருந்தால் அந்த வரியை அலுவலகம் மாற்றிக் கொடுக்கும்வரை புதுப் படிப்பு உங்கள் அனுமதிக்குள் வராது.

தாளில் 'படிப்பு' என்று பொதுவாக மட்டும் இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது. அனுமதி நீட்டிக்கப் போகும் நாளில் புதுச் சான்றிதழைப் பார்த்ததும் அதிகாரி எப்படியும் காரணம் கேட்பார். அன்றைக்கு ஒரு வருடம் தாமதமாக விளக்குவதைவிட இன்றைக்கு ஒரு பக்கம் எழுதுவது எளிது.

மெக்கானிக்கல்ல இருந்து ஆட்டோமோட்டிவ்தான் போறேன். இதுவும் மாற்றம்னு எடுத்துக்குவாங்களா?

அநேகமாக மாட்டார்கள், ஆனால் நீங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும். முன்பு படித்த செமஸ்டர்களில் பெரும்பகுதி புதுப் படிப்பில் செல்லும் என்று புதுக் கல்லூரி எழுதிக் கொடுத்தால், நிர்வாக விதிகள் அதைத் துறை மாற்றமாகப் பார்ப்பதில்லை, முக்கியப் பாடம் நகர்ந்ததாகத்தான் பார்க்கின்றன. மொத்தப் படிப்புக் காலத்தைக் கூடுதலாக 18 மாதத்துக்கு மேல் நீட்டாத பாடமாற்றத்துக்கும் இதே கணக்குதான்.

இதற்கு வேண்டிய சான்று கிரெடிட் அங்கீகாரக் கடிதம். அதைக் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம் அல்ல, அந்தத் துறையின் தேர்வுக்குழு. விண்ணப்பித்துக் கையில் வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் சீட் உறுதியான அன்றே பழைய மார்க் பட்டியலையும் பாடவிளக்கக் கையேட்டையும் அனுப்பிவிடுங்கள்.

18 மாசம் 18 மாசம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

படிப்பு தொடங்கி 18 மாதத்துக்குள் துறையை மாற்றினால், அதைத் தங்கும் நோக்கமே மாறியதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது நிர்வாக வழிகாட்டி. அதாவது முதல் மூன்று செமஸ்டர். இது உங்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் காலம். விளக்கம் தேவையில்லை என்று அர்த்தமில்லை, கேள்விகள் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

18 மாதம் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடாது. அப்போது அதிகாரியின் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புதுப் படிப்பை நியாயமான காலத்துக்குள் முடிப்பாரா? சட்டத்தில் நீட்டிப்புக்கான நிபந்தனையும் இதே வார்த்தைகளில்தான் இருக்கிறது. 'ஏன் மாறினாய்' என்று கேட்பதுபோலத் தோன்றும், ஆனால் அவர் மனதில் ஓடுவது 'எப்போது முடிப்பாய்'. கடிதம் எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

அட்மிஷன் லெட்டர் வந்த உடனே அனுப்பட்டுமா, இல்ல என்ரோல் ஆனதுக்கு அப்புறமா?

லெட்டர் வந்ததும் அனுப்புங்கள், என்ரோல் சான்றிதழ் வந்ததும் அதைத் தனியாகச் சேர்த்து அனுப்புங்கள். பச்சைத் தாளில் 'மட்டும்' என்று இருந்தால் இந்த வரிசை மிக முக்கியம். முதலில் பழைய இடத்தை விட்டுவிட்டு, புது இடத்தில் சேர்ந்துவிட்டு, பிறகு அனுமதி கேட்டால் நடந்து முடிந்ததை ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். அதிகாரிகளுக்கு இது பிடிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. சீட்டை ஏற்றுக்கொள்ளும் கடைசி நாள் அட்மிஷன் லெட்டரிலேயே இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் தருவார்கள். அலுவலகத்தின் பதிலுக்காக அந்த நாளைத் தவறவிடாதீர்கள். சீட்டை ஏற்றுக்கொள்வது வேறு, பழைய கல்லூரியை விட்டு விலகுவது வேறு. ஏற்றுக்கொண்டுவிட்டு, விலகலை மட்டும் தள்ளி வையுங்கள்.

லெட்டர்ல அவங்க எதைப் பார்ப்பாங்க?

அட்மிஷன் லெட்டரில் நாம் கல்லூரியின் பெயரைப் பார்ப்போம், அதிகாரி நான்கு இடத்தைப் பார்ப்பார். முதலாவது, படிப்பு முழுநேரமா. தொலைதூரப் படிப்பு 16b அனுமதிக்குப் பொருந்தாது, பகுதிநேரப் படிப்புக்கு அனுமதி தருவது அலுவலகத்தின் விருப்புரிமை, உங்களுக்கு அது உரிமை அல்ல. இரண்டாவது, கல்லூரி அரசு நடத்துவதா அல்லது அரசு அங்கீகாரம் பெற்றதா. கட்டணம் வாங்கிக்கொண்டு எளிதாகச் சீட் தரும் சில தனியார் இடங்களுக்கு மாறும்போது கேள்வி வருவது இங்கேதான். மூன்றாவது, நிபந்தனை. 'இந்த மொழிச் சான்றிதழைக் கொடுத்தால்தான்' என்பதுபோல லெட்டரில் நிபந்தனை இருந்தால், அது நிறைவேறியதற்கான தாளும் கூட இருக்க வேண்டும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. 'எத்தனையாவது ஃபாக்செமஸ்டர்' என்று ஒரு வரி இருக்கும். ஒன்று என்று இருந்தால் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். மூன்று என்று இருந்தால் ஒரு வருடப் படிப்பைக் கல்லூரியே கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஒற்றை எண் உங்கள் கடிதத்தின் இரண்டு பத்திக்குச் சமம். கிரெடிட் செல்லுபடியாகியும் லெட்டரில் ஒன்று என்று வந்திருந்தால், மேலே சொன்ன அங்கீகாரக் கடிதத்தைச் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்புங்கள்.

பெயரையும் ஒரு முறை சரிபாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பதோ, அப்பா பெயர் அந்த இடத்தில் இருப்பதோ சகஜம். விண்ணப்பத்தில் இனிஷியலோடு எழுதியிருந்தால் லெட்டர் ஒரு பெயரில், கார்டு இன்னொரு பெயரில் நிற்கும். கல்லூரியிடம் சொல்லிப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே திருத்தி வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

விளக்கக் கடிதத்துல என்னதான் எழுதுறது? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரு பக்கம் போதும். அலுவல் மொழி ஜெர்மன், ஆகவே ஜெர்மனில் எழுதுங்கள். ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்குவதில் தவறில்லை. மேலே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, கார்டு எண், கோப்பு எண் தெரிந்தால் அதுவும். பிறகு எந்தப் படிப்பிலிருந்து எந்தப் படிப்புக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரே வாக்கியம். பிறகு காரணம். பிறகு கணக்கு. கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது: மாற்றத்துக்குச் சம்மதம், பச்சைத் தாளில் திருத்தம்.

எழுத உட்காரும் முன் விசாவுக்காக ஊரில் எழுதிய மோட்டிவேஷன் லெட்டரைத் தேடி எடுத்துப் படியுங்கள். அது உங்கள் கோப்பில் இருக்கக்கூடும். 'சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள்மீது காதல்' என்று அதில் எழுதிவிட்டு, இப்போது 'இயந்திரங்கள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை' என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். பழையதிலிருந்து புதியதற்கு ஒரு பாலம் போடுங்கள்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி 2023 அக்டோபரில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் சேர்ந்தாள். அது 120 கிரெடிட், நான்கு செமஸ்டர். இரண்டு செமஸ்டரில் 60 எடுக்க வேண்டிய இடத்தில் 38 எடுத்திருக்கிறாள். 2024 அக்டோபரிலிருந்து கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸுக்குச் சீட் கிடைத்திருக்கிறது, அதுவும் 120. தேர்வுக்குழு 24 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டது. மீதி 96. செமஸ்டருக்கு 30 வீதம் மூன்று செமஸ்டரில் 90, ஆக நான்காவது செமஸ்டர் வேண்டும். முடியும் நாள் 2026 செப்டம்பர். பழைய படிப்பு விதிப்படி 2025 செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும், ஆகவே தாமதம் 12 மாதம். அவள் கடிதத்தின் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

> முதல் இரண்டு செமஸ்டரில் எண்முறைக் கணிப்புப் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றேன், உற்பத்தித் தொழில்நுட்பப் பாடங்களில் பின்தங்கினேன். இளங்கலைத் திட்டப்பணியும் வெப்ப ஓட்டத்தைக் கணினியில் கணிப்பது பற்றியதுதான். புதிய படிப்பு இதே திசையில் செல்கிறது. இதுவரை பெற்ற 38 கிரெடிட்டில் 24 ஏற்கப்பட்டுள்ளது (இணைப்பு 3). மீதமுள்ள 96 கிரெடிட்டை நான்கு செமஸ்டரில், 2026 செப்டம்பருக்குள் முடிப்பேன். செமஸ்டர் வாரியான திட்டம் இணைப்பு 5.

இதில் பின்தங்கியதையும் அவளே சொல்லிவிட்டாள், கணக்கையும் அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள். அதிகாரி கால்குலேட்டரை எடுக்க வேண்டியதில்லை. 'இந்தத் துறையில் வேலைவாய்ப்பு அதிகம்' என்று மட்டும் எழுதும் கடிதங்கள் எடுபடாமல் போவதற்குக் காரணம் அது பொய் என்பதல்ல. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது, உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஃபெயில் ஆனதால்தான் மாத்துறேன். அதைச் சொல்லணுமா?

மார்க் பட்டியலை எப்படியும் கேட்பார்கள், அதில் தெரிந்துவிடும். எத்தனை பேப்பர், ஏன், இப்போது என்ன வேறு என்று மூன்று வரியில் நீங்களே சொல்லிவிடுங்கள். உடல்நலக் குறைவு காரணம் என்றால் மருத்துவச் சான்றிதழோடு.

இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஒரு கட்டாயத் தேர்வின் எல்லா வாய்ப்புகளும், பெரும்பாலும் மூன்று, தீர்ந்துவிட்டால் 'இறுதியாகத் தேர்ச்சியில்லை' என்று பதிவாகும். அதன்பின் அதே படிப்பை ஜெர்மனியின் வேறு கல்லூரியிலும் தொடர முடியாது, மிக ஒத்த படிப்புக்கும் சிக்கல் வரும். இதனால்தான் புதுக் கல்லூரி பழைய கல்லூரியிடமிருந்து 'தேர்வு உரிமை இழக்கவில்லை' என்ற சான்றைக் கேட்கிறது. லெட்டரில் அந்தச் சான்று நிபந்தனையாக இருந்தால், அலுவலகத்துக்கு எழுதும் முன் அதை வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் உங்கள் சீட்டே நிற்காது. மூன்றாவது முயற்சி பாக்கி இருக்கும்போதே மாறுவது எழுதித் தோற்றபின் மாறுவதைவிட எவ்வளவோ மேல்.

பழைய யூனிவர்சிட்டியில இருந்து எப்போ விலகணும்?

இரண்டு படிப்புக்கும் நடுவே ஒரு நாள்கூட விழாதபடி. மாணவர் பதிவு இல்லாத நாளில் உங்கள் அனுமதியின் அடிப்படை இல்லை, மாணவர் காப்பீடும் ஆட்டம் காணும்.

யூனிவர்சிட்டிகளில் கோடைக்கால செமஸ்டர் பொதுவாக செப்டம்பர் 30 வரை, குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல். ஆனால் செயல்முறை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் கோடைக்கால செமஸ்டர் ஆகஸ்ட் 31 அன்றே முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போகிறவருக்கு செப்டம்பர் முழுக்க வெற்று மாதம். இதற்கு வழி, பழைய இடத்தில் அடுத்த செமஸ்டருக்கும் கட்டணம் கட்டிப் பதிவை நீட்டித்து, அக்டோபர் 1 தொடங்கும்போது விலகுவது. கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை அந்தக் கல்லூரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் அந்த ஒரு மாதத்தைக் கடிதத்தில் தேதியோடு குறிப்பிடுங்கள். மறைத்த இடைவெளிதான் கோப்பில் உறுத்தும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். புதுக் கல்லூரிக்கு அவர்கள் மின்வழியாக M10 என்ற அறிவிப்பை அனுப்பினால்தான் உங்கள் பெயர் பதிவாகும். பழைய கல்லூரிக்கு முன்பு போன அறிவிப்பு புதிய இடத்துக்குத் தானாகப் போகாது.

புது யூனிவர்சிட்டி வேற ஊர்ல. எந்த அலுவலகத்துக்கு எழுதணும்?

எழுதும் நாளில் எந்த ஊரில் முகவரி பதிந்திருக்கிறதோ அந்த ஊர் அலுவலகத்துக்கு. வீடு மாறி, இரண்டு வாரத்துக்குள் புது ஊரில் முகவரி பதிந்ததும் பொறுப்பு புது ஊருக்குப் போய்விடும். உங்கள் கோப்பும் பின்னால் போகும், ஆனால் மெதுவாக. புது ஊர் அதிகாரியின் மேசையில் கோப்பே இல்லாமல் உங்கள் கடிதம் கிடக்கும் காலம் ஒன்று உண்டு.

முடிந்தால் பழைய ஊரில் இருக்கும்போதே சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே அனுப்பியதையெல்லாம், அனுப்பிய தேதியோடு, புது ஊருக்கும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

பிளாக்டு அக்கவுண்ட்ல திரும்பவும் முழுப் பணமும் போடணுமா?

படிப்பை மாற்றுவதற்காக மட்டும் எல்லா ஊரிலும் கேட்பதில்லை. அனுமதியை நீட்டிக்கும்போது கேட்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து கணக்கு மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904. பகுதிநேர வேலை வருமானத்தைச் சம்பளச் சீட்டுகளோடு காட்டினால் பல அலுவலகங்கள் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்கின்றன. கார்டு முடிய ஆறு மாதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றத்தையும் நீட்டிப்பையும் ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள். ஒரே கட்டு ஆவணம், ஒரே அலைச்சல்.

எழுதி ரெண்டு மாசம் ஆச்சு, பதிலே இல்ல. கிளாஸுக்குப் போகலாமா?

பச்சைத் தாளில் கல்லூரி, படிப்பு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் போகலாம், அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். 'மட்டும்' என்று இருந்தால் வெறுமனே காத்திருக்காமல், செமஸ்டர் தொடங்கும் தேதியைத் தலைப்பிலேயே போட்டு மறுபடி எழுதுங்கள். புதுக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் கேளுங்கள். அலுவலகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கார்டின் காலமும் நெருங்குகிறது என்றால், அது முடியும் நாளுக்கு முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப் போயிருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி, வேலை உரிமை உட்பட, தொடர்வதாகச் சட்டம் கருதுகிறது. அதற்கான தற்காலிகச் சான்றையும் கேட்டு வாங்கலாம். ஒரு நாள் தாமதித்துப் போட்டாலும் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கவில்லை என்பதை விண்ணப்பம் போடாததற்குக் காரணமாக நினைக்காதீர்கள், இணையவழியிலோ தபாலிலோ போடலாம்.

ஏற்கனவே ஒரு தடவை மாத்திட்டேன். இன்னொரு தடவை முடியுமா?

18 மாதம் முதல் படிப்பு தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடுகிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகத் தொடங்குவதில்லை. அதனால் இரண்டாவது மாற்றம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் விழும். நிர்வாக வழிகாட்டிகள் மொத்தப் படிப்புக் காலத்துக்குப் பத்து ஆண்டு என்ற மேல்வரம்பை வைக்கின்றன. ஒரு படிப்பில் சராசரிக் காலத்தைவிட மூன்று செமஸ்டர் வரை கூடுவதை ஒழுங்கான படிப்பாகவே பார்க்கின்றன.

மாஸ்டர்ஸ் மாணவர் பத்தாண்டை நெருங்குவது அரிது. அவருக்கு வில்லங்கம் வேறு இடத்தில்: முதல் கடிதத்தில் எழுதிய முடியும் தேதி. உதாரண மாணவி 2025-ல் மறுபடி மாறினால், '2026 செப்டம்பர்' என்று அவளே எழுதிய வரி கோப்பில் அவளைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டாவது தடவை கிரெடிட் அங்கீகாரக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். துறையின் மாணவர் ஆலோசகரிடமிருந்து, திட்டம் நடக்கக்கூடியதுதான் என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி அலுவலகமே கல்லூரியிடம் கருத்துக் கேட்கலாம், நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

மறுக்கப் போறோம்னு லெட்டர் வந்திருக்கு. எல்லாம் முடிஞ்சுதா?

முதலில் அது எந்த லெட்டர் என்று பாருங்கள். பாதகமான முடிவு எடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது விதி, முதலில் வருவது பெரும்பாலும் அந்தக் கேட்புக் கடிதம்தான். அதில் பதில் சொல்லக் கடைசி நாள் இருக்கும். எந்த இடத்தில் சந்தேகப்படுகிறார்கள் என்பதும் இருக்கும், பொதுவாக முடிக்கும் காலம் பற்றி. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் புதிய ஆவணத்தோடு பதில் எழுதுங்கள், முழுக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டாம். நேரம் போதவில்லை என்றால் கடைசி நாளுக்கு முன்பே அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

வந்தது இறுதி முடிவு என்றால் அதன் அடியில் எங்கே, எந்த வழியில் எதிர்க்கலாம் என்று ஒரு பத்தி இருக்கும். சில மாநிலங்களில் அது அதே அலுவலகத்துக்கு ஆட்சேப மனு, சில மாநிலங்களில் நேராக நிர்வாக நீதிமன்றம். கெடு பொதுவாக கடிதம் கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம். இந்த நிலையில் வழக்கறிஞர் தேவை. கடித உறையை எறியாதீர்கள், மஞ்சள் உறையில் வந்திருந்தால் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்துதான் அந்த ஒரு மாதத்தை எண்ணுவார்கள்.